இடம் போதாத ஃபோனில் லைட் ஆப்பும் பிரௌசர் ஆப்பும்: எதை எங்கே மாற்றுவது, எப்படி மாற்றுவது

அத்தையின் ஃபோன் 16 ஜி.பி. ஸ்டோரேஜ் கொண்ட பழைய ஆண்ட்ராய்டு. "எல்லா ஃபோட்டோவையும் அழிச்சிட்டேன்டா, அப்பவும் இடமில்லன்னே சொல்லுது" என்று ஒரு நாள் ஃபோனை என் கையில் கொடுத்தார். உண்மையில் அவர் இரண்டு முறை படங்களை அழித்திருந்தார். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் அதே அறிவிப்பு திரும்ப வந்துவிட்டது.

Settings போய் Storage திறந்து பார்த்தேன். சிஸ்டம் மட்டும் 7 ஜி.பி. பிடித்திருந்தது, அதில் நாம் கை வைக்க முடியாது. மீதி 9 ஜி.பி.யில் படங்களும் வீடியோக்களும் சேர்ந்து 1 ஜி.பி.கூட இல்லை. ஆப்கள் 7 ஜி.பி.க்கு மேல். காலியாக இருந்தது 280 எம்.பி. படங்களை அழித்து இதைச் சரிசெய்ய முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆப்களில் சிலவற்றுக்கு நிறுவனமே தரும் சின்ன வடிவமான லைட் ஆப்பைப் போட்டு, சிலவற்றை அழித்து அவற்றின் இணையதளத்துக்கு ஐகான் வைக்கும் பிரௌசர் ஆப்பாக மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அந்த ஃபோனைச் சரிசெய்தோம். அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதலில் மூன்று எண்கள்

எதையும் அழிப்பதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். Settings, Apps என்று போய், பெரிய ஆப் ஒன்றைத் தொட்டு, அதன் Storage பகுதியைத் திறந்தால் மூன்று எண்கள் தெரியும். முதலாவது ஆப்பின் அளவு, இரண்டாவது அதன் டேட்டா, மூன்றாவது கேஷ். ஃபோனுக்கு ஃபோன் வார்த்தை கொஞ்சம் மாறும், ஆனால் மூன்றும் இருக்கும்.

ஆப்பின் அளவு என்பது நிரல் மட்டும். பிளே ஸ்டோரில் டவுன்லோடு அளவாகக் காட்டும் எண்ணைவிட இது பெரும்பாலும் அதிகம். வருவது சுருக்கிக் கட்டிய பொட்டலம், ஃபோனில் அது விரிகிறது. வேகமாகத் திறப்பதற்காக ஆண்ட்ராய்டு தயாரித்து வைக்கும் கோப்புகளும் அதோடு சேர்கின்றன. டேட்டா என்பது உங்கள் லாகின், அமைப்புகள், சேமித்தவை, ஆப் தன் வசதிக்குக் கொண்டுவந்து வைத்தவை. கேஷ் என்பது தற்காலிகக் குப்பை. அழித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் நான்கு நாளில் திரும்ப வந்துவிடும்.

அத்தை அதிகம் பார்க்கும் சமூக வலைத்தள ஆப்பில் எண்கள் இப்படி இருந்தன: ஆப் 310 எம்.பி., டேட்டா 540, கேஷ் 190. மொத்தம் 1,040 எம்.பி. கேஷை மட்டும் அழித்துக்கொண்டே இருப்பவர்கள் அந்த 190-ஐத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மற்ற 850 எம்.பி. அசையாது. லைட் ஆப்பும் பிரௌசர் ஆப்பும் உதவுவது அந்த 850-ல்தான்.

மேலே இருக்கும் பத்து ஆப்களுக்கு இந்த மூன்று எண்களையும் எழுதிக்கொண்டால் போதும். கீழே இருப்பவற்றைத் தொட வேண்டாம். 8 எம்.பி. கால்குலேட்டரை அழிப்பதால் எதுவும் மாறாது.

எது ஆப்பாகவே இருக்க வேண்டும்

சில ஆப்களை நகர்த்தவே கூடாது. வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எண் தரும் ஆப் எல்லாம் பெரும்பாலும் அந்தக் குறிப்பிட்ட ஃபோனோடும் சிம்மோடும் கட்டப்பட்டவை. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியிருக்கும். சரிபார்ப்பு எண் ஆப்பை மாற்று வழி எடுத்து வைக்காமல் அழித்தால், வேறு கணக்குகளின் கதவும் சேர்ந்து அடைபடும். நாள் முழுக்கச் செய்தியும் அழைப்பும் வரும் முதன்மை மெசேஜ் ஆப்பும் அப்படியே இருக்கட்டும். அதில் இடம் பிடிப்பது ஆப் அல்ல, வந்து குவியும் வீடியோக்கள். வாட்ஸ்அப் என்றால் Settings, Storage and data, Manage storage என்று போய்ப் பெரியவற்றை அழித்துவிட்டு, படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள்.

வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு ஒரு முறையோ திறப்பவை, இணையம் இல்லாமல் எப்படியும் வேலை செய்யாதவை, முக்கியமாகப் படித்துப் பார்த்து ஆர்டர் போடுவதற்கு மட்டும் பயன்படுபவை எல்லாம் பிரௌசருக்குப் போகலாம். கடை ஆப், செய்தி ஆப், டிக்கெட் ஆப் எல்லாம் இந்த வகை. தினமும் பல முறை திறப்பது, ஆனால் கனமானது என்றால் அதற்கு லைட் வடிவம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

நான் எப்போதும் பிரௌசரைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன். லைட் ஆப்பை நிறுவனம் நினைத்த நாளில் மூடிவிட முடியும். யூடியூப் கோ 2022-ல் நின்றது, மெசஞ்சர் லைட் 2023-ல் நின்றது. இணையதளம் அவ்வளவு எளிதில் போகாது.

பிரௌசருக்கு மாற்றுவது

அத்தையின் கடை ஆப்பையே எடுத்துக்கொள்வோம். ஆப் 140, டேட்டா 210, கேஷ் 90, மொத்தம் 440 எம்.பி.

ஆப்பை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் அதன் உள்ளே போய், எந்த எண்ணில் அல்லது எந்த மின்னஞ்சலில் லாகின் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அத்தை கணக்குத் தொடங்கியது பழைய சிம்மில். அதைக் கவனிக்காமல் ஆப்பை அழித்திருந்தால் ஓடிபி செத்துப்போன எண்ணுக்குப் போயிருக்கும். ஆப்பிலேயே எண்ணை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனோம். ஆப்பை அழித்தால் கணக்கு அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, கணக்கு அவர்கள் சர்வரில் இருக்கிறது. ஆனால் அனுப்பாமல் வைத்திருக்கும் வரைவு, ஆப்புக்குள் இறக்கி வைத்த கோப்பு போன்றவை ஃபோனில் மட்டுமே இருக்கலாம். அவை ஆப்போடு சேர்ந்து போய்விடும்.

அடுத்து குரோமைத் திறந்து, மேலே உள்ள பட்டையில் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடல் முடிவில் வரும் இணைப்பைத் தொட வேண்டாம். அதற்கு இரண்டு காரணங்கள். ஆப் இன்னும் ஃபோனில் இருப்பதால் இணைப்பு நேரே ஆப்பில் திறந்துகொள்ளும். அதோடு, தேடல் விளம்பரங்களில் போலித் தளங்கள் நுழைந்துவிடுவது உண்டு. சரியான முகவரி தெரியாவிட்டால், பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் நிறுவனத்தின் இணையதளம் கொடுக்கப்பட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் "ஆப்பில் திறக்கவும்" என்று ஒரு பட்டை வந்து நிற்கும். அதை மூடிவிட்டு, பிரௌசரிலேயே தொடர்வதைத் தேர்ந்தெடுங்கள். லாகின் செய்யுங்கள். பழைய ஆர்டர்கள் தெரிகின்றனவா, முகவரி இருக்கிறதா, பணம் கட்டும் பக்கம் வரை போக முடிகிறதா என்று பாருங்கள். ஆப்பில் இருக்கும் ஏதாவது ஒன்று தளத்தில் இல்லாமல் இருக்கலாம். அது உங்களுக்குத் தேவையான ஒன்றா என்பது இந்த இடத்தில்தான் தெரியும். முடிந்தால் மூன்று நாலு நாள் இரண்டையும் வைத்துக்கொண்டு பிரௌசரை மட்டும் பயன்படுத்திப் பாருங்கள்.

சரி, பிடித்துவிட்டது. இப்போது குரோமின் மூன்று புள்ளி மெனுவில் Add to Home screen தொடுங்கள். சில தளங்களுக்கு Install என்றும் Create shortcut என்றும் இரண்டு வழிகள் காட்டும். Install வந்தால் அதையே எடுங்கள். அந்தத் தளம் பிரௌசர் ஆப்பாக ஃபோனில் சேர்ந்துகொள்ளும். முகவரிப் பட்டை இல்லாமல் தனி ஆப் போலத் திறக்கும், ஃபோனின் ஆப் பட்டியலிலும் இடம்பெறும். Create shortcut என்பது வெறும் குறுக்குவழி, தொட்டால் குரோமில் பக்கம் திறக்கும். அதுவும் மோசமில்லை. ஒரு முறை சரியான முகவரிக்கு ஐகான் வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தேடிப் போய்த் தவறான தளத்தில் விழ வேண்டியதில்லை.

ஐகானைத் தொட்டு லாகின் நிற்கிறதா என்று பார்த்த பிறகு பழைய ஆப்பை அழியுங்கள். அத்தை கடை ஆப்பின் ஐகான் இருந்த அதே இடத்தில் புதியதை வைக்கச் சொன்னார். அது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் விரல் பழகிய இடம் மாறினால் வயதானவர்கள் அந்தச் சேவையையே விட்டுவிடுகிறார்கள்.

ஐஃபோனில் என்றால் சஃபாரியில் பகிர்வுப் பொத்தானைத் தொட்டு Add to Home Screen. அங்கே ஹோம் ஸ்கிரீன் ஆப்புக்குத் தனிச் சேமிப்பு என்பதால், சஃபாரியில் லாகின் செய்திருந்தாலும் ஐகான் வழியாகப் போகும்போது இன்னொரு முறை கேட்கலாம். ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அந்த இடம் எங்கே போகிறது

ஆப் பட்டியலில் பார்த்தால் புதிய பிரௌசர் ஆப் சில நூறு கே.பி.தான் காட்டும். இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐகானும் பெயரும் திறக்கும் முகவரியும் மட்டுமே அதில் இருக்கின்றன. தளம் சேமிப்பதெல்லாம் குரோமின் கணக்கில் ஏறுகிறது. அதனால் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியது குரோமைத்தான். குரோமின் Settings, Site settings உள்ளே ஒவ்வொரு தளமும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பட்டியல் இருக்கும். எப்போதோ ஒரு முறை போன செய்தித் தளம் 60 எம்.பி. பிடித்திருந்தால் அதை மட்டும் அழிக்கலாம்.

ஃபோன் அமைப்பில் குரோமுக்கு "எல்லா டேட்டாவையும் அழி" என்று ஒரு பொத்தான் உண்டு. இடம் நிறையக் கிடைக்கும் என்று ஆசையில் அதைத் தொட்டால் எல்லாத் தளங்களிலும் லாகின் போய்விடும். பழைய காலத்தில் ஒரு ஆப்பின் டேட்டாவை அழித்தால் அந்த ஒன்று மட்டும் பாதிக்கும். இப்போது ஐந்து ஆப்கள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

இன்னொரு எல்லையும் உண்டு. ஃபோனில் இடம் மிகவும் குறைந்தால் குரோம் தானாகவே, நீங்கள் நீண்ட நாள் திறக்காத தளங்களின் சேமிப்பை அழிக்கும். கடைக்கோ செய்திக்கோ இதனால் நஷ்டமில்லை. ஆனால் குறிப்பு எழுதும் தளத்தில், இணையம் இல்லாதபோது பக்கம் பக்கமாக எழுதி, சர்வருக்குப் போகாமல் ஃபோனிலேயே தங்கிவிட்டால் அது ஆபத்து. எழுதுவதைப் பிரௌசர் ஆப்பில் வைப்பதானால், இணையம் இருக்கும்போது ஒரு முறை திறந்து, எழுதியது சேர்ந்துவிட்டதா என்று வேறொரு சாதனத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைட் ஆப் போடுவது

சமூக வலைத்தள ஆப்புக்கு அத்தை பிரௌசரை ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் இருபது முறை திறக்கிறார், அறிவிப்பும் உடனே வேண்டும். அதற்கு லைட் சரி.

இப்படிப்பட்ட லைட் ஆப்கள் பல சின்னதாக இருப்பதற்குக் காரணம், வேலையின் பெரும்பகுதியை அவை ஃபோனில் செய்யாமல் சர்வரில் செய்ய வைப்பதுதான். ஃபேஸ்புக் லைட் 2015-ல் வந்தபோது டவுன்லோடு 1 எம்.பி.க்கும் குறைவாக இருந்தது அதனால்தான். இதன் விளைவும் தெரியும்: படம் கொஞ்சம் மங்கலாக வரும், அசைவுகள் வெட்டி வெட்டி இருக்கும், நெட் விட்டு விட்டு வந்தால் பொத்தானைத் தொட்டபின் ஒரு கணம் நிற்கும். ஃபோன் பழுதல்ல, அதன் வேலை முறை அப்படி.

தேடும்போது மூன்றைப் பாருங்கள். ஆப்பின் பெயருக்குக் கீழே இருக்கும் வெளியீட்டாளர் பெயர், பெரிய ஆப்பின் வெளியீட்டாளர் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? கடைசி அப்டேட் தேதி சமீபமாக இருக்கிறதா? டவுன்லோடு அளவு உண்மையிலேயே சின்னதா? பெயரில் "லைட்" என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வெளியீட்டாளர் வேறாக இருந்தால், அது உங்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ள யாரோ கட்டிய உறையாக இருக்கலாம். சில லைட் ஆப்கள் சில நாடுகளில் மட்டும் கிடைக்கும். உங்கள் பிளே ஸ்டோரில் இல்லை என்றால் வேறெங்கிருந்தோ ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்பை இறக்கிப் போடாதீர்கள். அந்த ஆப்பையும் பிரௌசருக்கு அனுப்பிவிடுங்கள்.

லைட் ஆப்பும் வளரும். போட்ட அன்று பார்த்த எண்ணை வைத்து முடிவு செய்யாமல், ஒரு மாதம் கழித்து அதே மூன்று எண்களை மறுபடி பாருங்கள். அத்தையின் லைட் ஆப் ஒரு மாதத்தில் மொத்தம் 95 எம்.பி. ஆனது. முன்பு 1,040 இருந்த இடத்தில் இது நல்ல கணக்கு. 300, 400 என்று போகிறது என்றால் அதன் டேட்டாவை அழித்துத் திரும்ப லாகின் செய்யலாம்.

லைட்டில் லாகின் ஆன பிறகு பெரிய ஆப்பை அழிக்க மறக்காதீர்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு "லைட் போட்டும் இடம் வரவில்லையே" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அழிக்கவே முடியாத ஆப்

ஃபோனோடு வந்த ஆப்களுக்கு Uninstall இருக்காது. ஆனால் அதன் ஆதி வடிவம் மட்டும்தான் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. இத்தனை வருடம் வந்த அப்டேட்கள் எல்லாம் உங்கள் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. அத்தையின் ஃபோனோடு வந்த வீடியோ ஆப் ஒன்று அப்டேட், டேட்டா, கேஷ் எல்லாம் சேர்த்து 600 எம்.பி. பிடித்திருந்தது. App info பக்கத்தில் Disable தொட்டு, அப்டேட்களை நீக்கவா என்று கேட்டபோது சரி என்றோம். உங்கள் ஃபோன் அப்படிக் கேட்காவிட்டால், முதலில் மூன்று புள்ளி மெனுவில் Uninstall updates தொட்டு, பிறகு Disable செய்யுங்கள். Disable செய்யாமல் விட்டால் பிளே ஸ்டோர் இரவோடு இரவாக அப்டேட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அந்த வீடியோ தளத்தை இப்போது அவர் பிரௌசர் ஐகான் வழியாகப் பார்க்கிறார். பிளே சேவைகள், கீபோர்டு, வெப்வியூ போன்றவற்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மற்ற ஆப்கள் அவற்றை நம்பி ஓடுகின்றன.

மாற்றிய பிறகு வரும் தொல்லைகள்

இரண்டாவது வாரம் அத்தை, "பார்சல் வந்து திரும்பிப் போயிடுச்சு, ஒரு சத்தமும் வரல" என்றார். பிரௌசர் ஆப்பில் அறிவிப்பு தானாக வராது. தளம் அனுமதி கேட்கும்போது கொடுத்திருக்க வேண்டும், ஃபோன் அமைப்பில் குரோமின் அறிவிப்பும் திறந்திருக்க வேண்டும். அத்தை முதல் நாளே Block தொட்டிருந்தார். குரோமின் Site settings உள்ளே Notifications போய் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதித்தோம். கண்ட தளத்துக்கெல்லாம் கொடுத்தால் விளம்பரம் குவியும். எல்லாத் தளங்களுக்கும் அறிவிப்பு வசதியே இருப்பதில்லை, அப்படியானால் எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டியதுதான்.

நீளமான படிவம் நிரப்பும்போது பாதியில் வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து ஏறி, எழுதியதெல்லாம் போய்விடலாம். இது ஸ்டோரேஜ் அல்ல, ரேம் போதாததன் அடையாளம். தேவையான எண்களை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

டிக்கெட்டை வண்டி ஏறும் இடத்தில் நெட் இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வாங்கிய உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டால் சில நூறு கே.பி.யில் வேலை முடிந்தது.

ஒரு மாதம் கழித்து அத்தையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கடை ஆப், ஒரு செய்தி ஆப், ஒரு டிக்கெட் ஆப் பிரௌசருக்குப் போனதில் 1,300 எம்.பி. கிடைத்தது. அதற்குப் பதிலாகக் குரோம் 170 எம்.பி. வளர்ந்திருந்தது. சமூக வலைத்தள ஆப்பில் 945, வீடியோ ஆப்பில் 600. கூட்டிக் கழித்தால் 2,675 எம்.பி. முன்பு இருந்த 280-ஐச் சேர்த்தால் 3 ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு, அதில் கொஞ்சத்தை அந்த மாதம் வந்த படங்கள் பிடித்திருந்தன.

காலி இடம் 500 எம்.பி.யை நெருங்கும்போதுதான் ஆண்ட்ராய்டு பொதுவாக எச்சரிக்கை காட்டத் தொடங்குகிறது. அப்டேட் ஒன்று இறங்கி விரியவும் தற்காலிகமாக இடம் வேண்டும் என்பதால், 1 ஜி.பி. எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அத்தை அந்த எண்ணை ஃபோன் உறையின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். மாதம் முதல் தேதி Storage திறந்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்.